ஒன்று பத்துக்குப் பதிந்த புகார்

2025 மார்ச் 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். எட்டு மணிக்கு ஆண்டர்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் இருந்தேன். டயாலிசிஸ் பிரிவின் நிர்வாகம் என்னுடையது. முதலில் ஆர்ஓ பிளாண்டின் அழுத்த அளவைக் குறித்தேன். அந்தச் சுத்த நீர் வராவிட்டால் எங்கள் ஆறு மெஷின்களும் வெறும் பெட்டிகள்தான். பிறகு பராமரிப்புக் கம்பெனியிடமிருந்து ஐந்தாம் தேதி வந்த பிப்ரவரி அறிக்கையை எடுத்தேன்.

கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் இந்தப் பகுதி எனக்கு மனப்பாடம். புகார் ஆப்பில் பதிவான நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் மெக்கானிக் வந்தாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் போன மாதத்து அறிக்கை வரும். வந்த ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு மறுக்காவிட்டால் நாங்கள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒரு மாதம் தவறினால் அந்த மாதக் கட்டணத்தில் ஐந்து சதவீதம் பிடித்தம். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

பிப்ரவரி அறிக்கையில் ஒரே ஒரு புகார். இருபதாம் தேதி, பதிவு பகல் 1.10, வருகை 1.30. இலக்கு எட்டப்பட்டது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். பேத்தமங்களாவில் நிலம் வைத்திருப்பவர். அவர் மனைவி திங்களும் வியாழனும் நான்காம் நாற்காலியில் உட்காருவார். பிப்ரவரி இருபதாம் தேதி அந்த அம்மா வந்து, பிளாண்ட் ஓடாததால் பதினொரு மணிக்குத் திரும்பிப் போனார். மறுநாள் விடியும் முன் மூச்சு முட்டி, கோலார் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். அவருடைய சிகிச்சைப் புத்தகத்தைத் திருப்பித் தரத்தான் கணவர் வந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. அன்னைக்கு மெஷின் எத்தினி மணிக்கு ரெடியாச்சு? கொஞ்சம் இருந்து பாத்திருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்குது."

அறிக்கை மேசையில் விரிந்திருந்தது. மூடியிருக்கலாம். அதற்குள் அவர் அதைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். விரலை வைத்துப் படித்தார்.

"ரிப்பேரே ஒரு மணிக்கு மேலதான் போட்டிருக்குது. அப்ப காலையில மெஷின் நல்லாதான் இருந்திச்சா?"

"இல்லீங்க. காலையிலேயே நின்னுடுச்சு. அது தப்பா எழுதினது," என்றேன்.

"யாரு எழுதினது?"

"நாங்கதான்."

அவர் தலையாட்டினார். திட்டவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்று முழுவதும் அந்த விரல் என் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்திருக்காது.

நடந்தது என் டைரியில் இருக்கிறது. இருபதாம் தேதி காலை 6.50க்கு பிளாண்ட் மோட்டார் நின்றது. நர்ஸ் சொன்னதும் 6.55க்கு கம்பெனி மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் மாரிகுப்பத்துக்காரர். இரண்டு பிள்ளைகள். முல்பாகல் வரை ஐந்து ஆஸ்பத்திரிகளை ஒரே பைக்கில் பார்க்கிறவர். "ரோட்ல கீறேங்கா. கிட்ட வந்ததும் சொல்றேன், அப்பால ஆப்ல போடுங்க. நாலு மணி தாண்டிச்சுனா என் சம்பளத்துலதான் கை வெப்பானுங்க." 1.10க்கு மறுபடி கூப்பிட்டார். "ராபர்ட்சன்பேட்டை வந்துட்டேங்கா, இப்ப போடுங்க." போட்டேன். 3.15க்குத்தான் நீர் வந்தது.

டிசம்பரிலும் ஜனவரியிலும் இதையேதான் செய்தோம். நம்ம ஊர் ஆள் என்ற ஒரே காரணம். கம்பெனிக்கு ஆள் போதவில்லை என்பது எந்த அறிக்கையிலும் ஏறவே இல்லை. உண்மையான நேரத்தில் பதிந்திருந்தால் டிசம்பரிலேயே இரண்டாவது ஆளைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

மதியம் நான்காம் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசும்போது நாற்காலியின் கைப்பிடியைப் பார்க்க முடியவில்லை.

மாலையில் மெக்கானிக்குக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாக்கா, என் பொழப்புல மண்ணைப் போடுறியா?"

"பொய் நேரம் போட்டது நான்னு எழுதுறேன். இனிமே முதல்ல ஆப்ல பதிவு, அப்புறம்தான் உனக்கு போன்."

பைக்கை ஓரம் கட்டி நிறுத்தினார். "அந்தம்மா எனக்கும் ஒருவாட்டி ஆரஞ்சு குடுத்துச்சு," என்றார். போனை வைத்துவிட்டார்.

டிசம்பர், ஜனவரி அறிக்கைகளின் கெடு முடிந்துவிட்டது. அவற்றை இனி மறுக்க வழியில்லை. ரத்து செய்ய மூன்று மாதம் வேண்டும். என் கையில் இருப்பது பிப்ரவரி ஒன்றுதான். அதற்கும் மறுநாளே கடைசி நாள்.

மார்ச் 12, புதன். காலை 7.40. செக்யூரிட்டியின் கேட் புத்தகத்தில் மெக்கானிக் வந்த பக்கம், நர்ஸின் பிளாண்ட் குறிப்பில் 6.50 உள்ள பக்கம், என் போனில் 6.55 அழைப்பு, மூன்றையும் படம் எடுத்தேன். பிப்ரவரி அறிக்கையை ஏற்கவில்லை என்றும், புகாரைத் தாமதமாகப் பதிந்தது நானே என்றும், அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அப்படியே என்றும் எழுதினேன். ஆஸ்பத்திரி தலைமைக்கும் நகல் வைத்து, 8.05க்கு அனுப்பினேன்.