கியூப் ஒன்றுக்குப் பத்தாயிரம்

கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் ஒரு வகுத்தலில் கோட்டைவிட்டேன். முதலாளி வாங்கிய, கல் தோண்டும் கிடங்கின் விலையில், தோண்டி முடித்தபின் வெறும் நிலம் விற்கக்கூடிய விலையைக் கழித்தால் ஐம்பது இலட்சம். கிடங்கில் மொத்தம் ஐயாயிரம் கியூப் கல்; கியூப் என்றால் நூறு கன அடி. நானோ அந்த வருடம் தோண்டிய ஐந்நூறால் மட்டும் வகுத்து, கியூபுக்குக் கல்லின் அடக்கமே பத்தாயிரம் என்றேன். முதலாளி விலையை ஏற்றினார். கல் ஏற்ற லொறிகள் வருவதே நின்றது.

இரண்டு மாதம் கிடங்கருகே தகரக் கொட்டிலில் தனியே இருந்தேன். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் கனடாவில். என் பகிடியை மின்விசிறிதான் கேட்டது.

ஒருநாள், முன்பு கல் ஏற்ற வந்த லொறிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கணக்கையே விரித்துக் காட்டினேன்.

"அண்ணை, மிச்சக் கல்லுக்குக் காசே போடேல்லையோ?"

ஐயாயிரத்தால் வகுத்தேன். ஆயிரம். முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன்.

"வகுக்கிறதை இனி பள்ளிக்கூடம் போற என்ரை மகள் பாக்கட்டும். நீர் லொறியை எண்ணும்," என்றார்.