கட்டைவிரல் என்னுடையது

பொம்மனஹள்ளி வீட்டில் என் மகளுக்கு வாரம் மூன்று நாள் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மற்ற இரண்டு நாள் கம்பெனி வண்டி வந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டிப் போகும். ஒரு திங்கட்கிழமை அவள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, டெய்லி நைட் எட்டு மணிக்கு எனக்குப் பின்னாடி நின்னு துணி அயர்ன் பண்றீங்களா?"

"ஏன்மா, பகல்ல பண்ணா சுருக்கம் போகாதா?"

"பண்ணுங்களேன்ப்பா. நீங்க அயர்ன் பண்ணா எனக்கு வேலை நல்லா ஓடுது."

மகள் பாராட்டினால் எந்த அப்பனுக்கும் புத்தி கொஞ்சம் மங்கும். நான் அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளன். முப்பது வருடமாக என் கையால் நடந்த எந்த வேலையும் பாராட்டப்பட்டதில்லை. எனவே தினமும் எட்டு மணிக்கு, பனியனும் லுங்கியுமாக, அவள் நாற்காலிக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். மூன்றே வாரத்தில் வீட்டில் தேய்க்காத துணி இல்லை. துண்டுகளுக்குப் போனேன். பிறகு தலையணை உறை. கால்மிதியை எடுத்தபோது என் மனைவி, "அடுத்து என்ன, சப்பாத்தியா?" என்று கேட்டாள்.

அன்று ப்ளக்கில் ஏதோ கோளாறு. மேசைக்கு அடியில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். அதே நேரம் மகள் காதில் இருந்த கருவியின் சார்ஜ் தீர்ந்து, கணினியிலிருந்தே ஓர் ஆண் குரல் ஹாலுக்குள் வந்தது. அவளுடைய மேனேஜர்.

"என்ன, இன்னைக்கு உன் டோபி அங்கிள் லீவா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் பின்னாடி நகர்ந்து உக்காரு. எவ்ளோ நாள் மூஞ்சிய மட்டும் பாக்கறது?"

மகள் நகரவில்லை. "ஸ்டேட்டஸ் சொல்லவா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பழக்கம்தான் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்கிறது. முதல் முறை கேட்பவளின் குரல் இல்லை அது.

நான் எழுந்தேன். எழுந்தபோது இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தது தற்செயல். திரையில் முதலில் என் வழுக்கை, பிறகு முகம், பிறகு பெட்டி தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர், "நெட்வொர்க் சரியில்ல" என்று சொல்லி மறைந்துவிட்டார். படம் துல்லியமாகத்தான் இருந்தது.

"போலீசுக்குப் போலாம். இல்ல, நான் அவன் வீட்டுக்கே போறேன்."

"பெட்டியைக் கீழ வைங்கப்பா. மொதல்ல கேளுங்க."

கேட்டேன். குழுவுக்கு அலுவல் அரட்டை ஒன்று உண்டு. அது போக, ஹெச்.ஆர். இல்லாத 'ஜாலி குரூப்' ஒன்று. வீடியோ கூட்டத்தில் பெண்கள் கொட்டாவி விடும்போதும் குனியும்போதும் மேனேஜர் திரையைப் படமெடுத்து அதில் போட்டு, எது நன்றாக இருக்கிறது என்று ஓட்டுக் கேட்பார். பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். வெளியே போகலாமே என்றால், வேலை நேர மாற்றத்தையும் அவர் அந்தக் குரூப்பில்தான் அறிவிப்பார். இது தவிர, பதினோரு மணிக்கு மேல் அவளுக்குத் தனியாகச் செய்தி வரும். அவள் படித்ததும் அழித்துவிடுவார். ஒரு முறை திறந்தால் மறைந்துபோகும் படங்களும் வந்தன. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. தோழியின் போனை வாங்கி, தன் போனைப் படமெடுத்து வைத்திருந்தாள். தேதி, நேரம் எல்லாம் தனியாகக் குறித்திருந்தாள். எட்டு மணி அழைப்பில் அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் தெரிய வேண்டும்; அதற்காக எனக்கு ஒதுக்கிய வேலைதான் இஸ்திரி.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுடுன்னு சொல்வீங்க."

அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். தவறு செய்தவர் நாற்காலியில் இருக்க, தான் எதற்கு எழுந்து போக வேண்டும் என்பது அவள் கட்சி. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கம்பெனியின் உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் புகார் அனுப்பினாள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் நடந்தது அலுவலகக் கணக்கில் வருமா என்று நான் கேட்டேன். வேலைக்காக உட்காரும் இடமெல்லாம் பணியிடம்தானாம், எங்கள் சாப்பாட்டு மேசை உட்பட. விசாரணை முடியும்வரை அவள் வேறொருவருக்குக் கீழ் வேலை செய்யலாம் என்று குழு சொன்னது. நான் நிம்மதியாக ஒரு வாரம் தூங்கினேன்.

பிறகு மேனேஜரின் பதில் குழு வழியாக அவளுக்கு வந்தது. அவள் விரும்பித்தான் தனி அழைப்புகளுக்கு வந்தாள் என்று எழுதியிருந்தார். ஆதாரமாக ஒரு படம்: 'நாளைக்கு எட்டு மணி, நீயும் நானும் மட்டும், கேமரா கட்டாயம்.' அதற்குக் கீழே அவள் கணக்கிலிருந்து, சரி என்று காட்டும் ஒரு கட்டைவிரல் பொம்மை.

மகள் அதை வெகுநேரம் பார்த்தாள். "நான் இதுக்கு ஒண்ணுமே அனுப்பலையே." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு நினைவு வந்தது: புகாருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். மேசையில் கணினியும் அதில் வாட்ஸப்பும் திறந்திருந்தன. என் அலுவலகத்தில் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் என் சுருக்கொப்பம் இல்லாமல் போகாது. பார்த்தேன் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மேலதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார், பதில் இல்லாமல் கிடக்கிறது. கைக்கு அரிப்பு. கண்ணாடி வேறு அருகில் இல்லை. 'நாளைக்கு எட்டு மணி' வரை படித்தேன். அதற்கு மேலே வரிசையாக 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்றிருந்தது. தப்பை உடனுக்குடன் திருத்துகிற பொறுப்பான ஆள் என்று அவரை மெச்சியபடி கட்டைவிரல் போட்டேன்.

"அப்பா..."

"நான்தாம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நான்கு மாதம் அவள் சேர்த்த சாட்சியத்தில், அவளுக்கு எதிராக இருந்த ஒரே தாள் என் கையால் உண்டானது. அன்று சாப்பிடும்போது கரண்டியை மட்டும் பார்த்தபடி எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

சாட்சியாக நான் குழுமுன் வீடியோவில் வந்தேன். முழுக்கைச் சட்டை, அதுவும் தேய்த்தது. தலைவி ஒரு மூத்த பெண் அதிகாரி. வெளியிலிருந்து வந்த உறுப்பினர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர்.

"அந்தக் கட்டைவிரல் நீங்க போட்டதுன்னு எப்படி நம்பறது, சார்? மகளைக் காப்பாத்த எந்த அப்பாவும் சொல்வாரே" என்றார் வழக்கறிஞர்.

நியாயமான கேள்வி. அதே கணினியில் அந்தக் காலை வேறென்ன இருக்கிறது பாருங்கள் என்று மகள் அரட்டைப் பட்டியலைத் திரையில் காட்டினாள். மேனேஜருக்குப் போட்டதோடு சேர்த்து, இரண்டே நிமிடத்துக்குள் ஆறு கட்டைவிரல்கள். தண்ணீர் லாரிக்காரருக்கு ஒன்று. கடன் வேண்டுமா என்று கேட்ட வங்கிக்கு ஒன்று. புடவைக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு ஒன்று. மாமா வீட்டுப் பாட்டுக் கச்சேரி ஒத்திவைக்கப்பட்டதற்கு ஒன்று. ஜிம்மில் சேரச் சொன்ன விளம்பரத்துக்கும் ஒன்று.

"ஜிம்முக்கும் நீங்கதானா?" என்றார் தலைவி.

"எதுவும் பெண்டிங்ல இருக்கக் கூடாது மேடம். ஆபீஸ் பழக்கம்."

தலைவி குனிந்து ஏதோ எழுதினார், தோள் குலுங்கியது. வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த விரல் அவங்களுதாவே இருந்தாலும், மீட்டிங்குக்கு வரேன்னுதான் அர்த்தம். அதுக்கப்புறம் அவர் பேசினதுக்கு இது பர்மிஷன் ஆகாது" என்றார். நான் பெருமூச்சு விட்டேன். மைக் திறந்திருந்தது.

அறிக்கை வந்தபோது அவள் எனக்கு ஒரே ஒரு வரியைப் படித்துக் காட்டினாள்: இரண்டாம் சாட்சியின் கட்டைவிரலைப் புகார்தாரரின் சம்மதமாகக் கொள்ள இயலாது. அந்தச் சாட்சி நான்தான். மீதியைக் காட்டவில்லை, ரகசியம் என்றாள். சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் மூவர் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டிருந்தார்களாம். ஒருவருக்குத்தான் பதில் எழுதினாள்.

மேனேஜர் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை. அவள் இருக்கிறாள். நேற்று எட்டு மணிக்குப் பழக்கதோஷத்தில் ஹாலில் போய் நின்றேன். அவள் கணினியை மூடிவிட்டு, காலை நாற்காலியில் மடித்து உட்கார்ந்து, சத்தமாக அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். "என்னப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கும் ஓர் அப்பளத்தை நீட்டினாள்.