காந்திக் கிழவியின் முகம்

மேற்கு வங்காளத்துத் தம்லுக் ஊரில் ஆஸ்பத்திரிச் சந்துக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை அலகா மைத்தியுடையது. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், லேமினேஷன். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓரமாக நின்றுவிடும். பதினைந்தாம் தேதிக்காக அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நடக்கும் மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தியாகிகளாக்கிச் சுவரொட்டி அடித்துத் தர வேண்டும். தொப்பி வைத்தவர்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், மீசை முறுக்கியவர்கள் என்று பத்து நாளில் நாற்பது தியாகிகளாவது அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வருவார்கள். அதில் பாதிக்குப் பாதி மாதங்கினி ஹஸ்ரா.

அது அந்த ஊர் வழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், எழுபத்து மூன்று வயதில், கொடியைக் கீழே விடாமல், அந்த ஊர்த் தெருவிலேயே போலீஸ் குண்டு வாங்கி விழுந்தவள். காந்திக் கிழவி என்று செல்லமாகச் சொல்வார்கள். அதனால் தம்லுக்கில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு எழுபத்து மூன்று வயது வேஷம் போடுவதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. தலையில் பஞ்சு, கன்னத்தில் மைக் கோடுகளால் சுருக்கம், கையில் கொடி. அலகாவும் ஒரு காலத்தில் அப்படி நின்றவள்தான்.

அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பர்ணாலி ஜானா மகள் துனியைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அலகா அவளுக்குத் தீதி, அதாவது அக்கா; குழந்தைக்கு மாசி, சித்தி. துனி இரண்டாம் வகுப்பு. பல்லு விழுந்த வாய். மேலுதட்டிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு தையல் கோடு. பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தை. கல்கத்தாவில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்திருந்தார்கள்.

“தீதி, இவதான் இந்த வருஷம் கிழவி. ரெண்டடிக்கு மூணடி ஃபிளெக்ஸ். ஸ்கூல் கேட்டுல கட்டுவாங்களாம். மிஸ் குரூப்புல போட்டிருக்காங்க பாருங்க, ‘குழந்தையின் முகம் மாறக் கூடாது’ன்னு.”

“மாறாது, உக்காரு. முறுக்கு மாதிரி சுத்தாதடி துனி, ஒயரு காலுல மாட்டும். போட்டோ அனுப்பு பர்ணாலி. வாட்ஸப்புல சும்மா அனுப்பாத, டாக்குமெண்டா அனுப்பு. இல்லேன்னா ஃபிளெக்ஸுல மூஞ்சி மாவா போயிடும்.”

போட்டோ வந்தது. அலகா அதை ஏஐ செயலியில் ஏற்றி, வேண்டியதைத் தட்டினாள். பழைய காலத்துத் தம்லுக், மண் தெரு, பின்னால் கூட்டம், வெள்ளைச் சேலை, வலக் கையில் கொடி, இடக் கையில் சங்கு, முகத்தை மாற்றாதே. டீக்காரன் கொண்டுவந்து வைத்த மண் குவளையை இரண்டு தடவை உறிஞ்சுவதற்குள் படம் வந்துவிட்டது.

வந்த படத்தைப் பார்த்து அலகாவுக்குச் சிரிப்பு வந்தது. தம்லுக் தெருவில் டெல்லிக் கோட்டை நிற்கிறது. கிழவிக்குச் சிவப்புக் கரை போட்ட சேலை, நெற்றியில் பெரிய குங்குமம், கை நிறைய வளையல்.

“கஷ்டம்டா சாமி. பதினெட்டு வயசுல புருஷன பறிகொடுத்தவளுக்குத் துர்கா பூஜை அலங்காரம் பண்ணி வெச்சிருக்கு. இத கேட்டுல கட்டுனா ஊரே ஸ்கூலுக்கு வந்து சண்டை போடும்.”

பர்ணாலி சிரிக்கவில்லை. அவள் கண் சேலைக்கே போகவில்லை. படத்தில் இருந்த குழந்தையின் உதட்டின் மேல் நின்றுவிட்டது. வழவழவென்ற உதடு. கோடு இல்லை. பல் வரிசையாக முளைத்திருந்தது. கண் கொஞ்சம் பெரிதாகி, நிறம் ஒரு படி ஏறியிருந்தது. துனி மாதிரியும் இருந்தது, துனியாகவும் இல்லை.

துனி ஸ்டூலின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். “மாசி, இவ அழகா இருக்கா. இவ பேரு என்ன?”

“ஏய், நீதான்டி அது,” என்றாள் பர்ணாலி அவசரமாக. பிறகு அலகாவின் காதருகே குனிந்தாள். “தீதி, சேலைய மாத்துங்க, கோட்டைய எடுங்க. மூஞ்சி மட்டும் இப்படியே இருக்கட்டும். நானா மாத்தச் சொன்னேன்? அதுவா மாத்திருச்சு. கிளாஸுல இவள தையல்வாயின்னு கூப்பிடுதுங்க. அத ரெண்டடிக்கு மூணடி பெருசா அடிச்சுக் கேட்டுல நானே கட்டணுமா?”

அலகா இடது காதிலிருந்து தாடை வரைக்கும் இறங்கும் தன் தழும்பை விரலால் ஒரு தடவை தடவிக்கொண்டாள். அது அவள் தன்னை அறியாமலே செய்கிற பழக்கம். நாலு வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிய இடம். கறுத்து, இழுத்துக்கொண்டு, ஊருக்கே அவளுடைய அடையாளமாக ஆகிப்போனது.

“முதல்ல மத்தத சரி பண்றேன். அப்புறம் மூஞ்சியப் பேசுவோம்,” என்றாள்.

ஒரு தடவை சேலையைத் திருத்தச் சொன்னால் செயலி கொடியைக் கெடுத்தது. கொடியைத் திருத்தச் சொன்னால் ஆறாவது விரல் முளைத்தது. ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையும் அது புதிதாகவே வரைவதால் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. நாலாவது படத்தில் இருந்தவள் துனிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஆறாவதில் இருந்தவள் யாரோ. ஏழாவதில்தான் கரையில்லாத வெள்ளைச் சேலையும், ஓலைக் கூரைகளும், சேறும், பின்னால் நிறையத் தலைகளும் சரியாக அமைந்தன. கொடியின் நடுவில் மட்டும் சக்கரம் நின்றது. அலகா அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு ராட்டையை வைத்தாள்.

“ஐயோ தீதி, சக்கரத்த ஏன் எடுத்தீங்க? மிஸ் மார்க்க கொறச்சிருவாங்க.”

“நாற்பத்திரண்டுல ஏதும்மா சக்கரம்? அது சுதந்திரத்தோட வந்தது. அப்போ ராட்டைதான்.”

“ராட்டைய எந்தக் கொடியிலயும் நான் பாத்ததில்ல.”

“நான் காட்றேன், இரு.”

அலகா மேசையின் கீழ் டிராயரிலிருந்து ஒரு பழைய அட்டை உறையை எடுத்தாள். உள்ளே கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ, ஓரம் மஞ்சள் பூத்தது. வர்ணம் தீட்டிய திரைக்கு முன்னால் ஒரு சிறுமி. தலை முழுக்கப் பஞ்சு. கையில் அவளைவிட உயரமான கொடி. அதன் நடுவில் யாரோ மெனக்கெட்டு மசியால் வரைந்த ராட்டை.

“எங்க அப்பா வரைஞ்சது. மூணு நாள் உக்காந்து வரைஞ்சாரு.”

பர்ணாலி ராட்டையைப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத் தலைக்குக் கீழே கண்ணாடி மாதிரிக் கன்னம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மறு இல்லை.

“யாரு தீதி இது? உங்க அக்காவா?”

அந்தக் கேள்வி நாற்பது வருஷமாக அலகாவின் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ தொங்கிக்கொண்டிருந்த வரைக்கும் வந்தவர் போனவர் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

“நான்தான்.”

“விளையாடாதீங்க.”

“நான்தான் பர்ணாலி. ரெண்டாங்கிளாஸு. எங்க அம்மா விடியக்காலைல எழுப்பி, கண் மைய எடுத்து மூஞ்சி பூரா சுருக்கம் வரைஞ்சு விட்டா. நெத்தியில நாலு, கன்னத்துல ஆறு. கடைத்தெருவுல ரூபஸ்ரீ ஸ்டூடியோ இருந்துச்சு. ஹரிபத காகா போட்டோ எடுத்தாரு. அவருக்குக் கை சும்மா இருக்காது. நெகட்டிவ்வ வெளிச்சப் பலகைல வெச்சு, கூர்ப் பென்சிலால யாருக்கு எங்க கோடு இருந்தாலும் அடைச்சிருவாரு. அடைச்ச இடம் பிரிண்டுல வெள்ளையா வந்துரும். கிழவிங்க எல்லாம் அதுக்காகவே அவருகிட்ட வருவாங்க. என் சுருக்கத்தையும் பழக்கதோஷத்துல அடைச்சுட்டாரு. அம்மா விடியக்காலைல பண்ணின வேலை எல்லாம் போச்சு.”

துனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பர்ணாலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அதோட இதையும் அடைச்சுட்டாரு,” என்று அலகா தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். “எங்க அப்பாவுக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். ஃபிரேம் போட்டு மாட்டினாரு. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் அதப் பாத்துட்டுத்தான் டீ குடிப்பாரு. நான் அதுக்குக் கீழயே உக்காந்து வீட்டுப் பாடம் எழுதுவேன். வீட்டுல எனக்கு ஒரு அக்கா இருந்த மாதிரிதான். நல்ல அக்கா, ஒண்ணும் தொந்தரவு பண்ணமாட்டா. ஆனா ஒரு நாளும் அவ நானா ஆகல.”

அப்பாவைத் திட்டுகிற குரலில்லை அது. மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து ராட்டை வரைந்த அந்த முதுகும், மசி பட்ட விரலும், கூடத்தில் நின்ற பொரி வாசனையும் அந்த அட்டைக்குள்தான் இருந்தன. அதனால்தான் அவள் அதைக் கிழித்துப் போடவில்லை. பதினெட்டு வயதில் ஹரிபத காகாவின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், “காகா, என் தழும்ப எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். அவருக்கு எதுவுமே நினைவில்லை.

பர்ணாலி போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தடவை போட்டோவை, ஒரு தடவை அலகாவின் தாடையை, ஒரு தடவை கம்ப்யூட்டரில் நின்ற வழவழ உதட்டை. துனி இதற்குள் மேசை மேலிருந்த மாதிரிக் கொடியை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“இவ அப்பா சூரத்துல இருக்காரு,” என்றாள் பர்ணாலி கடைசியில். “நகைப் பட்டறை வேலை. போஸ்டர போன்ல அனுப்பச் சொன்னாரு, பட்டறைல எல்லாருக்கும் காட்டணுமாம்.” மூக்கை உறிஞ்சினாள். “அவரு பொண்ணையே அனுப்புங்க தீதி.”

அலகா எழுந்தாள். “அப்ப நீ அனுப்பின போட்டோ ஆகாது. ட்யூப்லைட்டுக்கு நேரா நின்னு எடுத்திருக்க. படத்துல வெயிலு இடது பக்கத்துலேர்ந்து வருது, மூஞ்சி ஒட்டவெச்ச மாதிரி தெரியும். துனி, வாசல்கிட்ட வா. அந்த நடைக்கு மேல நில்லு.”

மழை விட்டிருந்தது. வாசல் வெளிச்சம் துனியின் இடது கன்னத்தில் விழுந்தது. மறுபக்கம் இருட்டாமல் இருக்க பர்ணாலி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டாள். துனி கொடிக்கம்பைத் தூக்கினாள்.

“மாசி, எனக்குச் சுருக்கம்?”

“அத உங்கம்மா வரையட்டும். ஹரிபத காகா இப்ப இல்ல, யாரும் அழிக்கமாட்டாங்க.”

பர்ணாலி தன் பையிலிருந்த மைக்குச்சியை எடுத்தாள். நெற்றியில் நாலு, கன்னத்தில் ஆறு. உதட்டருகே வந்ததும் கை நின்றது. பிறகு அந்தத் தையல் கோட்டைத் தொடாமல் தாண்டிப்போய்த் தாடையில் இரண்டு கோடு இழுத்தாள்.

“மோவாய இன்னும் தூக்கு. எதிர்ல போலீஸு நிக்குதுன்னு நெனச்சுக்க.”

“எத்தன போலீஸு?”

“நெறைய.”

துனி மோவாயைத் தூக்கி, ஓட்டைப் பல் தெரிய “வந்தே மாதரம்” என்று கத்தினாள். அந்த நொடியை அலகா பிடித்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரில் செயலி வரைந்த முகத்தை மறைத்து, அந்த இடத்தில் இந்த முகத்தை வைத்து, கழுத்தோரத்தை மெல்ல மெல்லத் தேய்த்து, நிறத்தைச் சேற்றுத் தெருவின் வெளிச்சத்துக்கு இறக்கினாள். முகத்துக்குள் எதையும் தொடவில்லை. அதைத் தொடாமல் இருப்பதுதான் அன்று அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. தழும்பையும் சுருக்கத்தையும் அழித்தே பழகிப்போன கை.

பதினான்காம் தேதி சாயங்காலம் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் பேப்பர் கட்டோடு வந்துகொண்டிருந்த அலகா பள்ளிக்கூட கேட் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கம்பியில் வரிசையாகத் தியாகிகள். மூன்றாவது துனி. கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஏய், இங்க பாரு, நம்ம பர்ணாலி பொண்ணு!”

“அவளேதான். எப்படிக் கத்துறா பாரேன், கழுத!”

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டோட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “தீதி, போலாமா?”

“ஒரு நிமிஷம் அண்ணா,” என்றாள் அலகா. அந்தப் பெண்கள் ‘யாரு இது?’ என்று கேட்காமலே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.