பிசுக்கேறிய கொடி

முனிலட்சுமி வேலை பார்த்த ஓட்டலில் உயிருள்ள செடி ஒன்றுகூடக் கிடையாது. ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையோரம் இருந்த குடும்ப ஓட்டல் அது. வாசலில் பிளாஸ்டிக் மூங்கில், மேசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வாழை, சமையல்கட்டுச் சுவர் நெடுக பிளாஸ்டிக் கொடி, கல்லாவுக்கு மேலே துணியால் செய்த பூக்கள். இவை எல்லாவற்றையும் துடைத்துக் கழுவுவது அவள் பொறுப்பு. வாசலில் இருப்பவற்றில் லாரிப் புழுதிதான் படியும், தட்டினால் போய்விடும். சமையல்கட்டை ஒட்டிய கொடிதான் தொந்தரவு. எண்ணெய்ப் புகை இலையில் பசை போல் படியும். அதன்மேல் தூசி ஒட்டும், அதன்மேல் மறுபடி எண்ணெய். விரலை வைத்தால் விரலோடு இலையும் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். தூசி சேறாகி இலை நரம்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு பழகிக்கொண்டாள். முதலில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் உதற வேண்டும். பெயின்ட் பிரஷ்ஷால் உலர்ந்த தூசியைத் தட்ட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கலந்து ஊற விட வேண்டும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் இலை சுருண்டுகொள்ளும், தண்டோடு இலையை ஒட்டிய பசையும் விட்டுப்போகும். ஊறிய பிறகும் போகாத இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் போய் மொறுமொறுவென்று உடையும். துணிப்பூவை ஊறவே வைக்கக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்து இதழின் பின்பக்கம் ஒற்றிப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். போகும் என்றால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

"முனிம்மா கை பட்டா புதுசு மாதிரி ஆயிடுது" என்று மேனேஜர் சுரேந்தர் வாடிக்கையாளர்களிடம் சொல்வான். அவள் சிரிக்க மாட்டாள். மகள் போன பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மத்திகிரியில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. ஒரே அறை. ஒரு மூலையில் கடப்பைக் கல் மேடை, அதன்மேல் அடுப்பு, புகை போக ஒரு சிறிய துவாரம். கணவன் மணிவேல் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இருவரும் ஊத்தங்கரைப் பக்கம் சிங்காரப்பேட்டையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். மகள் யுவஸ்ரீ படிக்க வேண்டும் என்றுதான் ஓசூர் வந்தார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் அவளும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள்.

கையில் முதல் சம்பளம் வந்ததும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு கொடி வாங்கி வந்தாள். பச்சைப் பிளாஸ்டிக் இலைகள், இடையிடையே சிவப்புத் துணி ரோஜாக்கள். அடுப்புக்கு மேலே ஆணி அடித்து வளைத்து வளைத்துக் கட்டினாள்.

"அங்க எதுக்குடி? பொகை படியும்" என்றாள் முனிலட்சுமி.

"நீ எப்பப் பாத்தாலும் இந்தச் செவுத்தப் பாத்துட்டுத்தானம்மா நிக்கற. பாக்கறதுக்கு ஏதாச்சும் வேணாமா?"

அந்த வருடம் மழைக்குப் பின் ஊரெல்லாம் டெங்கு. யுவஸ்ரீக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடே இரண்டு ஷிப்டு போனாள். அடுத்த நாள் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து தர்மபுரிக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அவள் துணிகளைச் சொந்தக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். போன் உடைந்துவிட்டது. கொடி மட்டும் அப்படியே தொங்கியது. முனிலட்சுமி ஒருமுறை அதைக் கழற்றக் கை நீட்டியபோது மணிவேல் பாயிலிருந்து எழுந்து வந்து கையைத் தட்டிவிட்டான்.

"அவ கட்னது. அப்பிடியே கெடக்கட்டும்."

இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. அவள் ஓட்டலில் யாருடைய கொடிகளையோ பளபளவென்று கழுவிவிட்டு வந்து, வீட்டில் பழுப்பேறிக் கறுத்த கொடிக்குக் கீழே சோறு வடித்தாள். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரோஜாக்கள் என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. கரப்பான் பூச்சிகள் அதற்குள் குடியிருந்தன. மணிவேல் தினமும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணிவேல் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், முனிலட்சுமி குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பாரத்தில் தொய்ந்திருந்த கொடியின் ஒரு கிளை ஆணியிலிருந்து நழுவி அடுப்பின் மேல் விழுந்தது. பற்றிக்கொண்டது. எரிந்தபடியே சொட்டுச் சொட்டாக உருகி மேடையில் விழுந்தது. கரும்புகை அறையை நிறைத்தது. அவள் அடுப்பை அணைத்து, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினாள். புறங்கையில் ஒரு சொட்டு விழுந்து தோலோடு ஒட்டிக்கொண்டது.

புகை வாடை பிடித்து மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா சுமலதா ஓடிவந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள்.

"ஏனம்மா இது! வீட்டையே கொளுத்திப் போடுவியா? சிலிண்டர் பக்கத்துலயே வெச்சிருக்க. இன்னிக்கே எடுத்துக் குப்பையில போடு. இல்லன்னா வேற வீடு பாத்துக்கோ. பொண்ணு வெச்சதுன்னு எனக்கும் தெரியும்மா. அதுக்காக நீங்க ரெண்டு பேரும் எரிஞ்சு போறதா?"

"எடுத்துடறேங்கா" என்றாள் முனிலட்சுமி.

எரிந்த கிளையை வெட்டி எடுத்தாள். மீதியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கழுவுவது என்று முடிவு செய்தாள். ஓட்டலில் எத்தனையோ முறை செய்த வேலை. ஆனால் யுவஸ்ரீ போட்டிருந்த முடிச்சுகளை அவிழ்க்கவே வெகுநேரம் பிடித்தது. பிசுக்கில் நூல் இறுகிப்போயிருந்தது. கடைசி முடிச்சைக் கத்தரியால் வெட்டினாள்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து உதறினாள். தூசி உதிரவில்லை, அவ்வளவு ஒட்டியிருந்தது. ரோஜாக்களைக் காம்போடு உருவித் தனியாக வைத்தாள். இலைகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காப்பித்தூள் போட்டதுபோல் ஆயிற்று. கொட்டிவிட்டு மறுபடி ஊற வைத்தாள். மூன்றாவது தண்ணீரில்தான் பச்சை தெரிந்தது. சோடாவைத் தடவி ஒவ்வொரு இலையாகத் தேய்த்தாள். அப்போதுதான் தண்டைச் சுற்றியிருந்த பிசுக்குக்குள்ளிருந்து நீளமாக ஒரு முடி வந்தது. ஒரு முழத்துக்கும் மேலிருக்கும். அவள் அதை விரலில் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மணிவேல் ஷிப்டு முடிந்து வந்தான். முதலில் வெறும் சுவரைப் பார்த்தான். கொடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, சுற்றிலும் மஞ்சளாக இருந்தது. வெளியே வந்து அவளைப் பார்த்தான்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"தீப்புடிச்சிடுச்சுங்க. சுமலதாக்கா தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. அதான் கழுவறேன்."

"அவ கை பட்டது அதுல இருந்துச்சு. தேச்சுத் தேச்சு எல்லாத்தையும் சாக்கடையில ஊத்திட்டியா?"

"அவ கை எங்கங்க இருந்துச்சு? நான் தாளிச்ச எண்ணெதான் இருந்துச்சு."

அவன் அந்தத் தொட்டியை எட்டி உதைத்தான். சோப்புத் தண்ணீர் வாசல் முழுக்க ஓடியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

முனிலட்சுமி எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்குக் காலைல பாப்பா முடியலன்னு சொன்னா. லீவு போட்டா காண்ட்ராக்ட்ட நிறுத்திடுவான், ஒரு நாள் சமாளிச்சுட்டு வான்னு நீங்க சொன்னீங்க. நான் கேட்டுட்டேதான் நின்னேன்."

இரண்டு வருடத்தில் அவர்கள் அதைப் பேசியதே இல்லை. மணிவேல் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"நீ ஏன் அன்னிக்கே என்னய தடுக்கல?"

"நான் டிபன் கட்டிக் குடுத்தேன்" என்றாள் அவள். "நீங்க போவச் சொன்னீங்க. நான் கட்டிக் குடுத்தேன். ரெண்டு பேரும்தான்."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை. பிறகு பக்கத்தில் கிடந்த ரோஜாக்களில் ஒன்றை எடுத்து, தொட்டியில் மிஞ்சியிருந்த சோப்பு நுரையில் போட்டுக் கசக்க ஆரம்பித்தான்.

"அத அப்பிடிப் பண்ணாதீங்க, சாயம் போயிடும்."

அவன் கேட்கவில்லை. சிவப்பு அவன் விரல்களில் இறங்கியது. அந்தப் பூ வெளிறிப்போய் இதழ் பிரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவளைப் பார்த்தான். அவள் அதை வாங்கித் தரையில் வைத்தாள். மற்றவற்றை ஈரத்துணியால் தானே துடைத்தாள். பிசுக்கு முழுக்கப் போகவில்லை. விட்டுவிட்டாள்.

அவள் விரலில் சுற்றியிருந்த முடியை அப்போதுதான் அவன் பார்த்தான்.

"எங்க இருந்துச்சு?"

"தண்டுல."

"பாப்பாவோடதா?"

முனிலட்சுமிக்கும் நீளமான முடிதான். அந்த அடுப்பின் முன்னால் மகள் நின்றதைவிட அவள் நின்ற நேரம்தான் அதிகம்.

"அவளோடதுதான்" என்றாள்.

அவன் அதை வாங்கி, கம்பெனி அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை.

உலர்ந்த கொடியை அடுப்புப் பக்கம் திரும்பக் கட்டவில்லை. கதவுக்கு மேலே, புகை எட்டாத இடத்தில் கட்டினாள். அவள் போட்ட முடிச்சுகள் தாறுமாறாக இருந்தன. வாடகை வாங்க வந்த சுமலதா அண்ணாந்து பார்த்து, "புதுசு வாங்கினீங்களா? நல்லா இருக்கு" என்றாள். மணிவேல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் அதிகம் தங்குவதில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கிப் போகிறான். வந்ததும் சட்டையைக் கழற்றும் முன் அட்டையைக் கழற்றி, தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வைக்கிறான். முனிலட்சுமி அவன் தூங்கும் நேரத்தில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். முடி அடியிலிருந்து நுனிவரை கறுப்புதான். ஆனால் யுவஸ்ரீ இருந்தபோது அவளுக்கும் நரை விழுந்திருக்கவில்லை. யாருடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்றும் அதைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஓட்டலுக்குப் போக டவுன் பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.