வெண்ணெய்க் காபியும் மாமனார் படமும்

சேதராப்பட்டு கம்பெனியில் உடன் வேலை செய்பவர் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியதிலிருந்து என் கணவர் காலை இட்லியையும் சாயங்கால போண்டாவையும் விட்டுவிட்டார். பால் விடாத சூடான காபியில் இரண்டு பெரிய ஸ்பூன் வெண்ணெய், ஒரு பெரிய ஸ்பூன் தேங்காய் எண்ணெய், மிக்சியில் ஒரு சுற்று. அதைக் குடித்துவிட்டு மதியம் வரை எதையும் தொட மாட்டார். "இது விரதத்த கலைக்காதுடி. உள்ள இருக்கற கொழுப்ப கரைக்கும்" என்பார். மிக்சி மூடி தெறித்துச் சுவரெல்லாம் எண்ணெய். துடைப்பது யார், நான்தான்.

பேன்ட் தளர்ந்தது உண்மை. தெருவே பாராட்டியது. எனக்கு மட்டும் பயம். மாமனார் இவர் வயதில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நச்சரித்து, வில்லியனூர் லேபுக்கு வெறும் வயிற்றோடு அழைத்துப்போனேன். அப்படித்தான் நினைத்தேன்.

லேப் பெண் ரத்தம் பிடித்த சின்னக் குழாயை மெஷினில் சுற்றவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால் கலந்ததுபோல் இருந்தது.

"சார், இன்னா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் இல்லமா. வெண்ணெ காபிதான்."

"அதுலயே முந்நூறு கலோரிக்கு மேல சார். ஆறு இட்லி சாப்ட்ட மாதிரி."

ரிப்போர்ட்டில் கொழுப்புக் கணக்கு எல்லாமே எகிறியிருந்தது. "காபியாலதான்டி, இது கணக்குல வராது" என்று சிரித்தார். நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

அடுத்த வாரம் ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி போனோம். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் ட்ரைகிளிசரைடு கொழுப்பு இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பு இறங்கவேயில்லை. சுகாதார நிலைய டாக்டரம்மா தாளை மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு ரத்தம் கலங்குனது காலைல குடிச்சதால. இந்தக் கெட்ட கொழுப்பு, எல்டிஎல், அப்படி இல்ல. வெண்ணெயும் தேங்கா எண்ணெயும் தெனமும் போனா ஏறும். நீங்க எளைச்சது டிபனையும் சாயங்கால போண்டாவையும் விட்டதால. வெண்ணெ கொழுப்ப கரைக்கும்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்ல. உங்க அப்பாவுக்கு வேற ஹார்ட் அட்டாக். நிறுத்திட்டு ரெண்டு மாசத்துல வாங்க."

"சரிங்க டாக்டர்" என்றார், நல்ல பிள்ளையாக.

மறுநாள் விடியலில் மிக்சி ஓடியது. பதறிப்போய் எழுந்து வந்தேன்.

"இன்னாங்க இது?"

"வெண்ணெய நிறுத்திட்டேன். வெறும் எண்ணெதான். குண்டா இருக்கறவனுக்குத்தான்டி ஹார்ட்டு பயம்லாம். நான் இன்னா அப்டியா கீறேன்? எங்கப்பா மாதிரி ஒல்லியாயிட்டேன் பாரு."

அவர் தலைக்கு மேல் மாமனார் படம். ஒட்டிய கன்னம், துருத்திய தாடை. கீழே நின்ற முகமும் அதேதான். டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன்.

அதற்கடுத்த நாள் நான் கண் விழித்ததே மிக்சி சத்தத்தில்தான்.