இரண்டு ஊர் லைசென்ஸ்

ஜப்பானில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்த இரண்டாவது வருஷம், எனக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. ஆசை என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். தங்குமிடத்துக்கும் வேலை இடத்துக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தது. மழையில் அதன்மேல் சைக்கிள் மிதித்தவனுக்கு ஆசையைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

என்னோடு தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நண்பர்தான் வழி சொன்னார். சொந்த ஊர் லைசென்ஸைக் காட்டி, அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பை வைத்து, ஒரு எழுத்துத் தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேறினால் இந்த ஊர் லைசென்ஸாக மாற்றிக் கொடுப்பார்களாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். இந்த ஊரில் சாலையில் நாய்கூட சிக்னல் பார்த்துத்தான் கடக்கிறது. எனக்கென்ன கவலை என்று இருந்தேன்.

லைசென்ஸ் மையத்தில் கவுன்டர் பெண்மணி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அது காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செல்லுபடியாகிற லைசென்ஸைத்தான் மாற்ற முடியும். செத்துப்போனதை மாற்ற முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் குனிந்து வணங்கிய விதம் அப்படி இருந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் சும்மா புதுப்பிக்க முடியாது, மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாற்பது தாண்டியவன் என்பதால் டாக்டர் சான்றிதழும் கேட்டார்கள்.

அதுவரை வண்டி ஓட்ட மாட்டேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் மனைவி சிரித்தாள். அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நான் இல்லாத இரண்டு வருஷமும் ஸ்கூட்டர் அவள் கையில்தான் இருந்தது. ஆகவே நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு ஜீப்ரா கோடு வந்தது. ஓரத்தில் ஒரு பெரியவர் மீன் கூடையோடு நின்றிருந்தார்.

"நிறுத்து. அவர் கடக்கணும்" என்றேன்.

"அவரு எதுக்கு கடக்கணும்?"

"நிறுத்தும்மா."

நிறுத்தினாள். பெரியவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். தனக்காக ஒரு வண்டி நிற்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று நினைத்தாரோ என்னவோ, கூடையை எடுத்துக்கொண்டு இன்னும் ஓரமாகப் போய் நின்றார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா? தள்ளி வுடட்டா?"

மனைவி வண்டியைக் கிளப்பினாள். "இனிமே பின்னாடி குந்திகினு வாய மூடிகினு வா. இல்லாட்டி பஸ்ல வா" என்றாள்.

டெஸ்ட்டுக்கு மச்சானின் கியர் வண்டியை வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் செங்கல் வைத்து எட்டுப் போட்டுப் பழகினேன். ஜப்பான் தேர்வையும் சேர்த்தே பழகிவிடலாம் என்பது என் திட்டம். அங்கே வண்டியில் ஏறுமுன் பின்னால் பார்க்க வேண்டும். கிளம்புமுன் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது; கழுத்து திரும்புவது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். நண்பர் எனக்கு இதை இரவும் பகலும் ஓதியிருந்தார்.

டெஸ்ட் நாளன்று இன்ஸ்பெக்டர் "எட்டுப் போடுங்க" என்றார். நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பின்னால் பார்த்தேன். ஏறினேன். வலத்தோள், இடத்தோள். இன்டிகேட்டர் போட்டேன். வளைவு வந்ததும் கழுத்தைத் திருப்பினேன். எட்டு என்பது முழுக்க வளைவுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கழுத்து போன பக்கம் வண்டியும் போனது. நடு முடிச்சில் கால் தரையில் ஊன்றியது.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார். "யாரையாவது தேடுறீங்களா?"

"இல்ல சார். பின்னால வண்டி வருதான்னு பாக்குறேன்."

"இங்க உங்க வண்டி ஒண்ணுதான் இருக்கு சார்."

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த வாரம் முழுக்க மனைவி மைதானத்துக்கு வந்து செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். என் கழுத்து அசைந்தபோதெல்லாம் "முன்னாடி பாரு" என்று குரல் வந்தது. அடுத்த முறை தேறினேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு மிச்ச விடுமுறை நாட்களில் எண்ணூர் ரோட்டில் ஆசை தீர ஓட்டினேன். லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டு நுழையும்போது, இரண்டு வருஷமாக மரத்துப்போயிருந்த ஏதோ ஒன்று உடம்பில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதுதான் வினையாயிற்று.

ஜப்பான் திரும்பியதும் அதே கவுன்டர் பெண்மணி புது அட்டையை வாங்கினார். முதன்முதலில் லைசென்ஸ் எடுத்த தேதியையும், அதன்பிறகு நான் மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்தேனா என்பதையும் பாஸ்போர்ட்டை வைத்துச் சரிபார்த்தார். எழுத்துத் தேர்வு இங்கிலீஷில் கிடைத்தது. படித்துவிட்டுப் போயிருந்ததால் தப்பித்தேன். ஓட்டும் தேர்வு அங்கேயே ஒரு வளாகத்தில், கோடு போட்ட குட்டிச் சாலைகளில்.

கழுத்தைத் திருப்பினேன். நிறுத்தக் கோட்டில் முழுதாக நின்றேன். இடது காலை மட்டும் ஊன்றினேன். எல்லாம் சரியாகப் போனது. ஒரு முனை திரும்பும்போது, தேர்வு கொடுக்க வந்த வேறொருவரின் கார் ஒன்று தூரத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் வேலை செய்தது. ஒரு சின்ன "பீப்".

வளாகமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காரும் நின்றுவிட்டது.

இறங்கியதும் தேர்வாளர் கேட்டார். "ஹாரன் யாருக்காக அடித்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். "நான் வருகிறேன் என்று தெரிவித்தேன்."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "அவருக்குத் தெரியும்" என்றார். பிறகு குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தின் அர்த்தம் எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

நண்பர் வெளியே காத்திருந்தார். ஹாரன் கதையைக் கேட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு, தான் இதே இடத்தில் நிறுத்தக் கோட்டில் உருண்டுகொண்டே போய்த் தோற்றதையும், தங்கள் ஊரில் அதற்குப் பெயர் நிற்பதுதான் என்பதையும் சொன்னார். அன்று இரண்டு பேரும் நூடுல்ஸ் கடையில் நிறையச் சாப்பிட்டோம்.

அடுத்த தேர்வுக்கு என் வலது கட்டைவிரலையும் இடது கட்டைவிரலையும் ஒன்றும் செய்ய விடாமல் கைப்பிடியோடு அழுத்திக்கொண்டேன். இன்டிகேட்டருக்கு மட்டும் விடுதலை. தேறிவிட்டேன். பழைய வண்டி ஒன்றும் வாங்கினேன்.

முதல் நாள் வேலைக்குப் போவதை மனைவி பார்க்க ஆசைப்பட்டாள். நண்பர் சாலையோரம் நின்று வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினார். மேட்டின்மேல் ஒரு காய்கறி வண்டி முப்பது வேகத்தில் போனது. அதன் பின்னால் நான். என் பின்னால் வரிசையாக ஏழெட்டுக் கார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

மாலையில் போன் செய்தாள்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். யாரு செத்தது?"

"யாரும் சாகல. வேலைக்குப் போறோம்."

"இதுக்கா ஃபிளைட் புடிச்சு வந்து எட்டுப் போட்டே?" என்றாள். "நடந்தே போயிருக்கலாம்."