வயிற்றில் சிக்கிய துண்டு

என் வயிற்றில் ஒரு துண்டு சிக்கியிருக்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பினேன். எந்தத் துண்டு என்று தெரியாது. கேரட்டாக இருக்கலாம், பீன்ஸாக இருக்கலாம். ஒரு புதுமனை புகுவிழாப் பந்தியில் விழுங்கியது உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டு, கீழேயும் இறங்காமல் மேலேயும் வராமல் என்னை ஆட்டி வைக்கிறது என்பது என் முடிவு. அப்போது எனக்கு நாற்பது ஆகவில்லை. பத்தாவது பாஸ். திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர்.

அந்தப் பந்தி முடிந்த இரண்டாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக விழுந்தேன். ரத்தமும் சளியுமாகப் போனது. திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் போனது, ரத்தம் நின்றது. டூட்டிக்குத் திரும்பினேன். வயிறு மட்டும் திரும்பவில்லை.

காலையில் இரண்டு இட்லி உள்ளே போனால் போதும், பஸ் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் அடிவயிற்றைப் பிழியும். போய்விட்டு வந்தால் வலி அடங்கும். ஆனால் போவது எங்கே? வீட்டில் இருப்பவனுக்கு அது ஒரு கதவு தூரம். எனக்கோ பின்னால் ஐம்பது பேர், முன்னால் நாற்சாலை. கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டல், அதற்கு மேல் கடவுள்தான்.

"அண்ணே, ஓரங்கட்டு!" என்பேன். டிரைவர் என்னைவிட பத்து வயது மூத்தவர். ஒன்றும் கேட்காமல் பங்க்கில் ஒதுக்குவார். நான் தோல்பையை அவர் மடியில் போட்டுவிட்டு ஓடுவேன். பின்னாலேயே சத்தம் கேட்கும்.

"கண்டக்டர் எங்கப்பா போறாரு?"

"அவசர மீட்டிங்கு."

"ஜல்தி வரச் சொல்லுப்பா, பூவெல்லாம் வாடிப் போவுது!" இது தினமும் பூக்கூடையோடு வரும் அம்மா.

அடுத்தவனை ஓட்டியே பிழைத்தவன் நான். இப்போது பஸ்ஸே என்னை ஓட்டியது. சிரித்துக்கொண்டேதான் டிக்கெட் கிழித்தேன், ஆனால் மனசுக்குள் கணக்கு வேறு. இது புற்றுநோய், இல்லையென்றால் அந்தத் துண்டு. புற்றுநோயைவிட துண்டு பரவாயில்லை என்பதால் துண்டையே நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் தொக்கம் என்று பெயர். எடுக்க ஆள் இருக்கிறார்கள். ஒலக்கூர் பக்கம் ஒருவரிடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் துப்பினார். பழுப்பாக ஒரு கறித்துண்டு!

"பாருங்க, இதான் உள்ள இருந்துகினு உங்கள பேஜார் பண்ணது."

எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அன்னிக்கு நீங்க சாப்ட்டது சாம்பார் சாதம். கறி எங்கேர்ந்து வந்துச்சி?"

"நாலு மாசமா உள்ள இருக்குதில்ல, மாறிக்கினு இருக்கும்."

"கேரட்டு ஆடாச்சா? அப்ப ஒரு வருசம் விட்டிருந்தா மந்தையே வந்திருக்கும்."

சிரிக்காதே என்றேன். காரணம், உண்மையாகவே ஐந்தாறு நாள் வயிறு நன்றாக இருந்தது. ஏழாவது நாள் அதே பங்க், அதே ஓட்டம்.

அன்றைக்குத்தான் டிரைவரிடம் சொன்னேன், ரூட்டை விட்டுவிடப் போகிறேன், டிப்போவுக்குள்ளே ஏதாவது வேலை கேட்கப் போகிறேன் என்று. எனக்கு பஸ் என்றால் வெறும் சம்பளம் இல்லை. நாலு பேர் ஏறி இறங்கும் இடத்தில் வாயாடிக்கொண்டிருந்தால்தான் எனக்கு மூச்சு ஓடும். நாலு சுவருக்குள் டயர் எண்ணிக்கொண்டு இருப்பதற்கு நான் அந்தத் துண்டாகவே பிறந்திருக்கலாம்.

"தெனம் முண்டியம்பாக்கத்துல 'ஆஸ்பத்திரி எறங்கு, ஆஸ்பத்திரி எறங்கு'ன்னு கத்துற. ஒருநாள் நீ எறங்கனியா?" என்றார் டிரைவர்.

இறங்கினேன். வரிசையில் நின்றேன். அங்கிருந்தது சின்ன வயது டாக்டரம்மா. முதலில் கேள்வியாகக் கேட்டார். இப்போது ரத்தம் போகிறதா? எடை குறைந்ததா? காய்ச்சல் உண்டா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய்? எல்லாவற்றுக்கும் இல்லை.

"ராத்திரி தூக்கத்துல எழுப்புதா?"

"இல்லீங்க மேடம். படுத்தா காலையிலதான்."

"லீவு நாள்ல?"

யோசித்தேன். லீவு நாளில் பாதிகூட இல்லை. என் குடலுக்கு டூட்டி சார்ட் தெரியுமா என்ன?

ரத்தமும் மலமும் சோதித்தார்கள். கிருமி இல்லை, புழு இல்லை, ரத்தசோகை இல்லை. அப்புறம் தொக்கக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"குடலோட உள்தோல் சில நாளுக்கு ஒருதரம் உதிர்ந்து புதுசா வரும். அதுல நாலு மாசமா ஒரு துண்டு ஒட்டிக்கினு இருக்க முடியாது. கிருமி அன்னிக்கே போயிடுச்சி. ஆனா அது பண்ணிட்டுப் போன புண் கடுமை. புண் ஆறினாலும் உள்ள லேசா அழற்சி இருக்கும், நல்ல கிருமிங்களோட கூட்டமும் கலைஞ்சிருக்கும். அதனால குடல் நரம்பு உஷாராவே நிக்குது. சாதாரணமா சாப்பாடு எறங்குறதே அதுக்கு ஆபத்து மாதிரி தெரியுது. நீங்க பயந்தா அது இன்னும் உஷாராவுது."

"அப்ப எல்லாம் மனசுதான்றீங்களா?"

"இல்ல. வலி நெசம். பயம் அதுக்கு எண்ணெய் ஊத்துது, அவ்ளோதான். பெரும்பாலும் தானா அடங்கும். ஆனா மாசக்கணக்கு ஆவும், சிலருக்கு வருசக்கணக்கு."

சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட, குடல் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னார். பாலைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்; ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான். பயத்தில் பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி அள்ளிக் கொட்டிக்கொள்வதை விடச் சொன்னார். ஆன்டிபயாட்டிக்கை நானே வாங்கிப் போடக் கூடாது. அவசரத்துக்கு, போக்கை நிறுத்தும் மாத்திரை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மறுபடி ரத்தம் போனாலோ, எடை இறங்கினாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ உடனே வர வேண்டும்.

டிரைவரிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மயிலம் ரோட்ல ஒரு மாடு குறுக்க வந்து அடிச்சனே, நெனப்பிருக்கா? அதுக்கப்புறம் எத்தினி மாசம் பாலித்தீன் பை பறந்தாலே பிரேக் போட்டுக்கினு இருந்தன். கண்ணு நல்லாதான் தெரிஞ்சுது. காலுதான் கேக்கல."

"அப்புறம் எப்படிண்ணே நின்னுச்சி?"

"எங்க நிறுத்தனன்? ஓட்டிக்கினே இருந்தன்."

டிப்போ வேலையைக் கேட்பதைத் தள்ளிப் போட்டேன். வலி வந்தால் உடனே கத்தாமல், அடுத்த ஸ்டாப் வரை பார்க்கலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் ஏறி, அப்படியே இறங்கிவிடும். சில நாள் இறங்காது, நான்தான் இறங்குவேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், தீபாவளி பலகாரத்தில் மறுபடி கவிழும். ஒரு சளிக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க பழைய பாடு. அப்போதெல்லாம் புற்றுநோய் என்று மறுபடி ஆரம்பிப்பேன். "இந்தத் தடவ ஒட்டகமா பாருங்க," என்பாள் மனைவி. சட்டைப்பை மாத்திரையை நான் போட்டதைவிட தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். தொட்டாலே பாதி நாள் அடங்கியது. அதற்கு எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

குணமான நாள் என்று ஒன்று இல்லை. பங்க்கில் நிற்பது வாரத்துக்கு ஒன்றானது, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு டிரைவரே மறந்துபோனார். அந்தப் பந்திக்குப் பிறகு ஒன்றரை வருஷம் போல ஆகியிருக்கும். பால் டீயை முதலில் அரை டம்ளர், அப்புறம் முழு டம்ளர் என்று திரும்பப் பிடித்தேன்.

என் வயிற்றில் ஒரு துண்டும் இல்லை. கிருமி முதல் வாரமே செத்துவிட்டது. குடல் அடங்கத்தான் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. நான் அதே ரூட்டில் தொடர்ந்து டிக்கெட் கொடுத்தேன்.